மோசமான ஆண்டுக்குப் பிறகு விற்பனைக் குழுவிடம் யார், எதைப் பேசுவது: மூன்று வழிகளின் ஒப்பீடு

நாகர்கோவிலில் கிடங்கு வைத்துக்கொண்டு, சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொடி போன்ற அன்றாடப் பொருட்களைக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடைகளுக்குச் சேர்க்கும் ஒரு விநியோக நிறுவனத்தில் விற்பனை மேலாளராக இருக்கிறேன். மார்ச் 31 அன்று ஆண்டுக்கணக்கை முடித்தபோது, 6 கோடி ரூபாய் இலக்குக்கு எதிரில் 4 கோடியே 86 லட்சம் ரூபாய் விற்பனை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டின் விற்பனையான 5 கோடியே 40 லட்சத்தைக்கூட நாங்கள் தொடவில்லை. ஏப்ரலில் எட்டு விற்பனைப் பிரதிநிதிகளையும் உட்கார வைத்து ஊக்கமாக ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யார் பேசுவது, எதைப் பேசுவது என்பதில்தான் முதலாளிக்கும் கணக்காளருக்கும் எனக்கும் மூன்று வெவ்வேறு யோசனைகள் இருந்தன.

கன்னியாகுமரியில் ஒரு ஹோட்டல் அரங்கை எடுத்து, வெளியூரிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை அரை நாள் அழைக்கலாம் என்றார் கணக்காளர். தானே பேசி, 7 கோடி ரூபாய் என்ற புதிய இலக்கையும் அதற்கான பரிசுத் திட்டத்தையும் அறிவித்துவிடலாம் என்பது முதலாளியின் எண்ணம். சென்ற ஆண்டின் கணக்கையே பிரதிநிதிகளின் முன் விரித்து வைத்து, எவ்வளவு யாரால் குறைந்தது என்பதைப் பேசலாம் என்றேன் நான். குற்றாலத்துக்கோ திற்பரப்புக்கோ ஒரு நாள் அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டுவிடலாம் என்ற நான்காவது யோசனையும் எழுந்தது. அது நல்ல காரியம்தான் என்றாலும் பேச்சுக்கு மாற்றாகாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன்னால், விற்பனை எங்கே குறைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குறைவின் காரணம் தெரியாமல் எந்தப் பேச்சு பொருந்தும் என்று முடிவு செய்ய முடியாது என்பதே என் வாதத்தின் அடிப்படை.

எங்கள் தொழிலில் ஒரு பிரதிநிதிக்குத் திங்கள் முதல் சனி வரை நாளுக்கொரு லைன் இருக்கும், ஒரு லைனில் ஏறத்தாழ 35 கடைகள் இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 300 வேலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கும் சேர்த்து 2,400 லைன் நாட்கள் கிடைக்கின்றன. முந்தைய ஆண்டில் ஒரு லைனில் ஒரு நாளைக்குச் சராசரியாக 18 கடைகள் பில் கொடுத்தன, அதாவது எங்களிடம் சரக்கு வாங்கின, ஒரு பில்லின் சராசரி மதிப்பு 1,250 ரூபாய். சென்ற ஆண்டில் பில் எண்ணிக்கை 15 ஆக இறங்கியது, சராசரி மதிப்போ 1,350 ரூபாயாக ஏறியிருந்தது. அந்த ஏற்றம் பெரும்பாலும் பொருட்களின் விலை ஏறியதால் வந்தது, யாரும் கூடுதலாக விற்றதால் அல்ல. ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்குப் பத்து சதவீதச் சரிவுதான் தெரிந்தது. பில் கணக்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது, அதாவது ஆண்டு முழுவதற்கும் 7,200 பில்கள்.

இந்த 7,200-ஐ உடைத்துப் பார்க்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. ஆண்டின் நடுவில் இரண்டு பிரதிநிதிகள் வேலையை விட்டுப் போனபோது, அவர்களுடைய லைன்களில் ஆளுக்கு 75 வேலை நாட்கள் யாரும் போகவில்லை. அந்த 150 நாட்களை நாளுக்கு 18 பில் வீதம் கணக்கிட்டால் 2,700 பில்கள். அடுத்து, வேகமாக ஓடும் சில சிறு பாக்கெட்டுகள் பல வாரங்கள் கம்பெனியிலிருந்தே வரவில்லை. அவற்றுக்காகவே ஆர்டர் கொடுக்கும் பெட்டிக்கடைகள் அந்த வாரங்களில் பில்லே கொடுக்கவில்லை. ஆர்டர் குறிப்பேடுகளை வைத்து மதிப்பிட்டதில் அது 1,900 பில்கள். மிச்சம் 2,600. ஆளும் இருந்து சரக்கும் இருந்து, கடையும் திறந்திருந்து, அப்படியும் வராத பில்கள் அவை. எட்டுப் பேரும் உண்மையில் வேலை செய்த நாட்களுக்கு அதைப் பகிர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளில் ஒரு பில்லுக்குச் சற்று மேல் வருகிறது. இழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் நிறுவனத்தின் பக்கமும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிரதிநிதிகளின் பக்கமும் இருந்தது என்று அப்போது முடிவு கட்டினேன். அந்த முடிவும் முழுக்கச் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

வெளிப் பேச்சாளரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதையே நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். வந்தவர் நன்றாகவே பேசினார். எல்லோரையும் எழுந்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஆண்டு முடிவில் சொந்த வீட்டின் முன் புது பைக்கோடு நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார். மறுவாரம் பில் எண்ணிக்கை நாளுக்கு ஒன்று கூடியது, மூன்றாவது வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பேச்சாளரைக் குறை சொல்வதற்கில்லை. தேங்காய்ப்பட்டணத்து லைனில் எந்தக் கடைக்காரர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கண்ணை மூடிக் கனவு காணச் சொல்லும் முறையைப் பற்றி உளவியலாளர் கேப்ரியல் ஓட்டிங்கன் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். படிப்பை முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை அவரும் இன்னொருவரும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிய கற்பனையில் ஆழ்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறைவான வேலை வாய்ப்புகளும் குறைவான சம்பளமுமே கிடைத்திருந்தன. தமக்கு வேலை கிடைக்கும் என்று பழைய அனுபவத்தின் அடிப்படையில் எதிர்பார்த்தவர்களின் நிலை இதற்கு நேர்மாறாக, நன்றாக இருந்தது. கற்பனை வேறு, அனுபவத்திலிருந்து பிறக்கும் நம்பிக்கை வேறு. முதலாவது, காரியம் நடந்துவிட்டது போன்ற நிறைவை முன்கூட்டியே தந்து முயற்சியைத் தளர்த்துகிறது. ஒரு மோசமான ஆண்டிலிருந்து வெளியே வரும் பிரதிநிதிக்கு இரண்டாவது வகை நம்பிக்கைதான் குறைந்திருக்கிறது என்பதால், முதல் வகையை எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் குடம் நிரம்பாது.

வெளிப் பேச்சாளர் எப்போதுமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆண்டு ஒன்றின் முடிவில் குழுவுக்கு மரியாதை செய்வதற்கும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் ஒரு பெருமித உணர்வு வருவதற்கும் அவர் உதவுவார். தோல்விக்குப் பின் வரும் முதல் கூட்டத்தில் மட்டும் அவரை அழைப்பது ஆபத்தானது. குறை உங்கள் மனநிலையில்தான் இருந்தது என்று நிறுவனம் சொல்வதாகவே பிரதிநிதிகள் அதை எடுத்துக்கொள்வார்கள், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

முதலாளியின் யோசனைக்கு இதைவிட வலு உண்டு. இலக்கு நிர்ணயம் குறித்து எட்வின் லாக், கேரி லாதம் ஆகிய இருவரும் பல பதிற்றாண்டுகளாகச் சேர்த்த ஆய்வு முடிவுகளின்படி, முடிந்ததைச் செய்யுங்கள் என்று சொல்வதைவிடக் குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கு அதிக உழைப்பைக் கொண்டுவருகிறது. ஆனால் அதே ஆய்வுகள் நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கின்றன. இலக்கை அடையும் திறனும் வசதியும் அவருக்கு இருக்க வேண்டும், அவர் அதைத் தன் இலக்காக ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், எவ்வளவு நெருங்கினோம் என்பது அவ்வப்போது அவருக்குத் தெரிய வேண்டும். 7 கோடியை இந்த நிபந்தனைகளின் முன் நிறுத்திப் பார்த்தேன். அது சென்ற ஆண்டைவிட 44 சதவீதம் அதிகம். லைன் நாட்களால் வகுத்தால் நாளுக்கு 29,000 ரூபாய்க்கு மேல், அதாவது இப்போதைய பில் மதிப்பில் 21 அல்லது 22 பில்கள் ஆகின்றன. 35 கடைகளில் 18 கடைகளைத் தாண்டி எந்த ஆண்டும் போகாத குழுவிடம் 22 கேட்டால், அவர்கள் அதை மறுத்துப் பேச மாட்டார்கள், கை தட்டுவார்கள். மனதுக்குள் இலக்கை அப்போதே கழற்றி வைத்துவிடுவார்கள்.

அதைவிடக் கெடுதலான விளைவு ஒன்று உண்டு, அது மாதக் கடைசியில்தான் தெரியும். எட்ட முடியாத இலக்கின் கீழ் இருக்கும் பிரதிநிதி, தனக்கு வேண்டிய நான்கைந்து கடைகளில் தேவைக்கு மேல் சரக்கை இறக்கிவிட்டு எண்ணைக் காட்டுவார். பில் விழுந்திருக்கும், சரக்கு கடையின் பின்னறையில் அடுக்கியிருக்கும், அடுத்த மாதம் அந்தக் கடையில் ஆர்டரும் இருக்காது வசூலும் இருக்காது. சில மாதங்கள் கழித்து அதில் ஒரு பகுதி காலாவதிச் சரக்காகத் திரும்பி வரும். சென்ற மார்ச்சில் எங்கள் குழுவிலும் இது நடந்திருந்தது. மார்ச் கடைசி ஆறு நாட்களின் பில்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, வழக்கமாக 3,000 ரூபாய்க்கு வாங்கும் கடைகளின் பெயரில் 11,000, 14,000 என்று விழுந்திருந்தது. ஆகவே ஏப்ரல் மாதத்தைக் கடைகள் ஏற்கெனவே நிறைந்த நிலையில்தான் தொடங்குகிறோம் என்பதைப் பேசுகிறவர் அறிந்திருக்க வேண்டும். ஏப்ரலிலேயே பாய்ச்சல் காட்டுங்கள் என்று மேடையில் சொன்னால், கேட்பவர்களுக்குச் சொல்பவரின் மேல் உள்ள மதிப்புத்தான் குறையும்.

ஆண்டு இலக்கைப் பன்னிரண்டால் வகுத்து மாத இலக்கு கொடுக்கும் பழக்கமும் நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருக்கிறது. அந்த வாரங்களில் கடற்கரை ஊர்களின் கடைகளில் விற்பனை குறைவதோடு கடனும் நீளும். குலசேகரம் பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் ரப்பர் பால் வெட்டும் நாட்கள் குறைந்து, கூலி வாங்கும் வீடுகளில் பணப்புழக்கம் சுருங்கும். களியக்காவிளையை ஒட்டிய கடைகளுக்கு ஓணம் ஒரு பெரிய வாரம், கருங்கல், குளச்சல் பக்கத்துக் கடைகளுக்குக் கிறிஸ்துமஸ் அதைவிடப் பெரிய மாதம். எல்லா லைனுக்கும் ஒரே மாத இலக்கை அறிவிக்கிறவர், இந்த மண்ணில் விற்றுப் பார்க்காதவர் என்ற எண்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

முதலாளி நேரடியாகப் பேசி இலக்கை அறிவிப்பது சரியாக வரும் சூழல் ஒன்று இருக்கிறது. குறைவு முழுவதும் வெளிக் காரணத்தால் வந்து, அந்தக் காரணம் நீங்கியும் விட்டது என்றால், நடந்ததை நீண்ட நேரம் பேசுவது வீண். பழைய வேகத்துக்குத் திரும்புவோம் என்று முதலாளியே பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். எங்கள் நிலை அப்படி இல்லை.

மூன்றாவது வழியை நான் முன்வைத்தபோது முதலாளி ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார். “கணக்கைப் போட்டுக் காட்டினால் பையன்கள் இன்னும் சோர்ந்து போக மாட்டார்களா?” சோர்ந்து போக வாய்ப்பு உண்டு. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், வேலை பற்றிய கருத்துரைகளின் விளைவை ஆராய்ந்த பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியாக அவை பயன் தந்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் கருத்துரைக்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையின் மீது நிற்காமல் ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். எனவே கணக்கைக் காட்டுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். குழுவின் எண் மட்டுமே சுவரில் இருக்க வேண்டும், தனி ஆளின் எண் தனியறையில் அவரிடம் மட்டும் சொல்லப்பட வேண்டும். எட்டாவது இடத்தில் இருப்பவரின் பெயரை எல்லோர் முன்னும் வாசிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதனால் அவர் ஏழாவது இடத்துக்கு ஏறி நான் பார்த்ததில்லை, வேறு வேலை தேடத் தொடங்கியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியின் பெரிய குறை வேறொன்று. நிறுவனத்தின் பங்கை ஒப்புக்கொண்டு பேசிவிட்டு, அதைச் சரிசெய்யாமல் விட்டால், எதுவும் பேசாமல் இருந்ததைவிட நிலைமை கெட்டுப்போகும். முதலாளி கையெழுத்திட்டுக் கொடுக்கத் தயாராக இல்லாத எதையும் மேலாளர் கூட்டத்தில் சொல்லக் கூடாது. அதற்காகக் கூட்டத்துக்கு முந்தைய வாரமே, ஒருவர் விலகினால் அந்த லைனை மறுநாளிலிருந்து ஓட்டுவதற்கு ஒரு மாற்றுப் பிரதிநிதியை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முதலாளியிடம் உறுதி வாங்கினேன். சரக்கு இல்லாத பொருட்களின் பட்டியலைக் காலை 8 மணிக்கே பிரதிநிதிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என்றும் முடிவானது. இல்லாத பொருளுக்கு ஆர்டர் எடுத்து மறுநாள் கடைக்காரரிடம் திட்டு வாங்குவதைவிட மனதை உடைப்பது எதுவும் இல்லை.

மிச்சமிருந்த 2,600 பில்களின் காரணத்தைப் பிரதிநிதிகளிடம் கேட்பதற்கு முன்னால் கடைக்காரர்களிடம் கேட்போம் என்று மூன்று லைன்களில் நானே போனேன். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மளிகைக்கடை நடத்தும் ஒரு அக்கா சொன்னார்: “உங்க தம்பிமாரு ரோட்டுல நின்னு கையைக் காட்டிட்டுப் போயிருதாவ. உள்ள வந்தா நான் எக்ஸ்பைரி மாலைக் கேப்பேன்னு பயம்.” அவருடைய அலமாரியின் அடித்தட்டில் எங்கள் காலாவதிச் சரக்கு 1,800 ரூபாய் மதிப்புக்கு ஐந்து மாதமாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தொகையைக் கழித்துத் தருவோம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, எங்கள் அலுவலகம் அதைச் செய்யவில்லை. பிரதிநிதி வாக்குக் கொடுத்துவிட்டு முகம் காட்ட முடியாமல் கடையைத் தவிர்த்திருக்கிறார். சோம்பல் என்று நான் எழுதி வைத்திருந்த கணக்கில் ஒரு பெரும்பகுதி, எங்கள் கணக்குப் பிரிவின் மேசையில் தேங்கியிருந்த காகிதங்கள்தான். முந்தைய மாலைகளில் நான் கட்டிய முடிவு சரியில்லை என்று சொன்னது இதனால்தான்.

அந்த அக்காவையே கூட்டத்துக்கு வந்து பத்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி வழியே நன்கொடை திரட்டியவர்களிடம் ஆடம் கிராண்ட் குழுவினர் நடத்தி 2007-இல் வெளியிட்ட பரிசோதனை நினைவுக்கு வந்ததே காரணம். அந்த நன்கொடையால் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் சந்தித்துப் பேசியவர்கள், ஒரு மாதம் கழித்து முன்பைவிட 142 சதவீதம் அதிக நேரம் தொலைபேசியில் செலவிட்டு, 171 சதவீதம் அதிகத் தொகை திரட்டினார்கள். சோப்பு விற்பதும் கல்விக்கு நிதி திரட்டுவதும் ஒன்றல்ல, அந்த அளவுக்கு ஏற்றம் எங்களுக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மேலதிகாரி சொல்லும் பத்து வாக்கியங்களைவிட, வேலையின் பயனை அனுபவிப்பவர் சொல்லும் ஒரு வாக்கியம் ஆழமாக இறங்குகிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஊக்கப் பேச்சாளர் என்று யாரையாவது அழைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், இந்த அக்காவுக்கு இணையானவர் கிடையாது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தை ஏப்ரல் இரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு, கிடங்கிலேயே வைத்தோம். சனிக்கிழமை மாலையில் வைத்தால் பேசியது ஞாயிற்றுக்கிழமையோடு கரைந்துவிடும், திங்கள் காலையில் வைத்தால் கேட்டவர் ஒன்றரை மணி நேரத்தில் முதல் கடையில் நிற்பார். மொத்தம் 45 நிமிடங்கள். நான் பேசிய தொடக்கத்தை அப்படியே தருகிறேன்.

“போன வருஷம் நமக்கு 7,200 பில் குறைஞ்சிருக்கு. அதுல 2,700 பில், ஆள் இல்லாத லைன்ல போச்சு. ஆள் போடாதது எங்க தப்பு. 1,900 பில், சரக்கு இல்லாம போச்சு. அதுக்கும் நீங்க பொறுப்பில்ல. மிச்சம் 2,600. அது உங்க கையில இருந்ததுன்னு நான் நெனச்சேன். போன வாரம் கடைகளுக்குப் போய்ப் பார்த்தப்போ, அதுலயும் நாங்க கொடுக்காம வச்ச எக்ஸ்பைரிப் பணம் குறுக்க நிக்குதுன்னு தெரிஞ்சுது. முதலாளி இப்ப அதைப் பத்திச் சொல்லுவாங்க.”

முதலாளி எழுந்து, நிலுவையில் இருந்த காலாவதித் தொகைகள் அனைத்தும் அந்த வாரமே கழித்துத் தரப்படும் என்றும், இனி எந்தக் கடையின் கோரிக்கையும் 15 நாட்களைத் தாண்டாது என்றும் சொன்னார். அவர் அன்று பேசியது நான்கு நிமிடங்கள்தான். 7 கோடியை அவர் சொல்லவில்லை. பில் எண்ணிக்கையை நாளுக்கு 18 என்ற பழைய இடத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே இலக்கு என்று அறிவித்தார். இப்போதைய பில் மதிப்பில் அதுவே ஆண்டுக்கு 5 கோடியே 83 லட்சம் ரூபாய், சென்ற ஆண்டைவிட 20 சதவீத வளர்ச்சி. ஆனால் அந்த ரூபாய்க் கணக்கை நாங்கள் சொல்லவில்லை. 18 என்பது அவர்கள் ஒரு முறை செய்து காட்டிய எண். அதைக் கேட்டபோது யாரும் கை தட்டவில்லை, இரண்டு பேர் தலையசைத்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசிப் பதினைந்து நிமிடங்களில் ஒவ்வொருவரும் தன் லைனில் நிற்கும் ஒரு தடையையும், அது எதிர்ப்படும்போது தான் என்ன செய்யப் போகிறார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதினார்கள். இன்ன நிலை வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்பவர்கள், வெறும் எண்ணத்தோடு போகிறவர்களைவிட அதிகமாக அதைச் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளால் நிலைபெற்ற முறை. எங்கள் குளச்சல் பிரதிநிதி எழுதியது இது: “பாக்கி இருக்கும் கடை வந்தால், வண்டியை நிறுத்தி உள்ளே போய் முதலில் எக்ஸ்பைரியை எண்ணுவேன், பிறகுதான் பாக்கியைக் கேட்பேன், கடைசியில் ஆர்டர்.” இன்னொருவர், “11 மணிக்குள் ஐந்து பில் ஆகாவிட்டால் டீ குடிக்க நிற்க மாட்டேன்” என்று எழுதினார். அது நிறைவேறும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை.

பேச்சு வேலை செய்ததா என்பதை முதல் வாரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தோம், ஏனென்றால் முதல் வாரத்தில் எந்தப் பேச்சும் வேலை செய்யும். மூன்றாவது வாரத்தையும் ஆறாவது வாரத்தையும் எடுத்துக்கொண்டு, பில் எண்ணிக்கையோடு எத்தனை கடைகளுக்குள் நுழைந்தார்கள் என்பதையும், மாதக் கடைசி நான்கு நாட்களில் வழக்கத்துக்கு மாறான பெரிய பில்கள் விழுந்தனவா என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். மூன்றாவது வாரத்தில் சராசரி 16, ஆறாவது வாரத்தில் 16.7. ஏப்ரல் கடைசியில் பெரிய பில்கள் விழவில்லை. சின்னமுட்டத்தை உள்ளடக்கிய லைனில் பில் எண்ணிக்கை 13-ஐத் தாண்டவில்லை. அதற்குக் காரணம் தடைக்காலம் என்பது முன்பே தெரிந்ததால், அந்தப் பிரதிநிதியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரத்தில் மட்டும் கருங்கல் லைனில் பில் 17-இலிருந்து 14-க்கு இறங்கியது. பிரதிநிதியிடம் பேசுவதற்கு முன் கணக்குப் பிரிவில் விசாரித்தேன். அந்த லைனின் காலாவதிக் கோரிக்கைகளில் ஒன்பது, 19 நாட்களாகக் கையெழுத்துக்குக் காத்திருந்தன. முதலாளி அன்று மாலையே அவற்றை முடித்துக் கொடுத்தார், அடுத்த சுற்றில் அந்த லைன் மீண்டும் 17-க்கு வந்தது.